கேள்வியா, பதிலா, இன்னும் பாக்கி இருக்கிறதா? ஓஇடி பேச்சுத் தேர்வில் குரலின் ஏற்ற இறக்கம்

கேள்வி: நான் ஸ்டாஃப் நர்ஸ். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடிக்குத் தயாராகிறேன். மாதிரித் தேர்வு வைத்த மிஸ், "நீ கேட்பது கேள்வி மாதிரியே இல்லை, பட்டியல் சொன்னால் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை, பாதியில் மூச்சு வாங்கினால் முடித்துவிட்டாய் என்று நினைக்கிறேன்" என்கிறார். குரலை எங்கே ஏற்ற வேண்டும், எங்கே இறக்க வேண்டும்? வீட்டிலேயே எப்படிப் பழகுவது?

பதில்: முதலில் வாயை மூடிக்கொண்டு ஒரு காரியம் செய்யுங்கள். யாரோ கூப்பிட்டது சரியாகக் காதில் விழவில்லை, "ம்ம்?" என்கிறீர்கள். குரல் ஏறுகிறது. அம்மா "வர்றப்ப பால் வாங்கிட்டு வா" என்கிறார், "ம்" என்கிறீர்கள். இறங்குகிறது. தோழி ஏதோ கதை சொல்கிறாள், நீங்கள் உம் கொட்டுகிறீர்கள். அந்த "ம்ம்..." ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, நடுவில் தொங்குகிறது, மேலே சொல்லு என்று அதற்கு அர்த்தம். ஒரே ஓர் எழுத்து, சொல்லே கிடையாது, மூன்று பொருள். தேர்வுக்கு வேண்டிய மூன்று மெட்டும் இவைதான், உங்கள் தொண்டையில் ஏற்கெனவே இருக்கின்றன.

பிறகு ஏன் ஆங்கிலத்தில் வரமாட்டேன் என்கிறது? தமிழில் இந்த வேலையில் பெரும்பகுதியை இலக்கணமே செய்துவிடுகிறது. "வலிக்குது" என்பதோடு ஓர் "ஆ" சேர்த்து "வலிக்குதா" என்றால் போதும். குரல் தட்டையாக இருந்தாலும் அது கேள்விதான். "காய்ச்சலும் இருமலும் தலைவலியும்" என்னும்போது "உம்" தோறும் பட்டியல் தெரிகிறது. "மாத்திரையைச் சாப்பிட்டுட்டு" என்று நிறுத்தினால் எதிரில் இருப்பவர் காத்திருப்பார், வினைமுற்று இன்னும் வரவில்லை என்று அவருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் "டேக் த டேப்லெட் ஆஃப்டர் ஃபுட்" என்பது அந்த இடத்திலேயே முழு வாக்கியம். அதற்குமேல் நீங்கள் ஏதோ சொல்லப்போகிறீர்கள் என்பதைக் காட்ட "ஃபுட்" என்ற சொல்லில் குரல் கீழே விழாமல் நிற்பதைத் தவிர வேறு அடையாளம் இல்லை. தமிழில் குரலுக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. துணைக்கு ஆள் இருப்பதால் அது சோம்பலாக இருந்தாலும் பிழைத்துக்கொள்கிறது.

இன்னொன்று. நாம் கேள்வி கேட்கும்போது புருவம் ஏறும், தலை சாயும், கை விரியும். ஓஇடி ரோல்-ப்ளேயில் நோயாளியாக நடிப்பவர் உங்களுக்கு மதிப்பெண் போடுவதில்லை. பதிவைக் கேட்டு மதிப்பிடுபவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்கு உங்கள் புருவம் எந்த உதவியும் செய்யாது.

இனி கேள்விகள். ஆமாம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வியில் குரலை ஏற்றுங்கள். இது எல்லாருக்கும் தெரியும். எங்கிருந்து ஏற்றுவது என்பதில்தான் தவறு நடக்கிறது. "டு யூ ஹாவ் டயபீட்டிஸ்?" என்ற கேள்வியில் பலர் கடைசிவரை தட்டையாகப் போய், "டிஸ்" என்ற அசையில் மட்டும் ஒரு உதறு உதறுகிறார்கள். கேட்பவருக்கு அது ஆச்சரியம்போல, சில சமயம் அதட்டல்போல ஒலிக்கும். ஏற்றம் தொடங்க வேண்டியது அழுத்தம் விழும் அசையில், அதாவது "பீ"-யில். அங்கே குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு, அங்கிருந்து "டிஸ்" வரை வழுக்கினாற்போல ஏறுங்கள். "ஹாவ் யூ ஹாட் எனி செஸ்ட் பெயின்?" என்பதில் "பெயின்" கடைசிச் சொல்தான், ஆனால் ஏற்றம் தொடங்குவது "செஸ்ட்"டில். ரோல்-ப்ளேக்கு முன் உங்கள் பங்கைச் சொல்லும் கார்டைப் படிக்கக் கிடைக்கும் நேரத்தில் நீங்கள் கேட்கப்போகும் இரண்டு மூன்று கேள்விகளில் இந்த அசை எது என்று மனதில் குறித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

எங்கே, எப்போது, எப்படி என்று தொடங்கும் கேள்விகள் நேர்மாறு. "வேர் டஸ் இட் ஹர்ட்?" என்பதில் "ஹர்ட்" இறங்க வேண்டும். நான் பயிற்சி கொடுக்கத் தொடங்கிய காலத்தில் கேள்வி என்றால் ஏற்று என்று பொதுவாகச் சொல்லித் தந்து, ஒரு வகுப்பையே கெடுத்திருக்கிறேன். "வேர்" என்ற சொல்லிலேயே தூக்கிக் கேட்டால், "எங்கேன்னு சொன்னீங்க?" என்று திரும்பக் கேட்பதுபோல் ஆகிவிடும், நோயாளி இன்னும் வாயே திறக்கவில்லை. பயந்திருக்கும் நோயாளியிடம் இதமாகக் கேட்க, கடைசியில் லேசாக ஏற்றுவது உண்டு. அது தவறில்லை, ஆனால் இறக்கம் கைவந்த பிறகு அதைப் பாருங்கள்.

"இதுவா, அதுவா" கேள்விதான் உங்களைச் சோதிக்கச் சரியான இடம். "இஸ் த பெயின் ஷார்ப் ↗ ஆர் டல் ↘?" முதலாவது ஏறும், இரண்டாவது இறங்கும். இறக்கம் கேட்டதும் இரண்டே வாய்ப்பு, ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று நோயாளிக்குப் புரிகிறது. இரண்டையும் ஏற்றிப் பாருங்கள். "யெஸ்" என்று பதில் வரும். அப்படி "யெஸ்" வந்தால் நோயாளி மக்கு என்று நினைக்காதீர்கள், உங்கள் மெட்டு அப்படித்தான் கேட்டது.

பட்டியலுக்கு இதே தர்க்கம்தான். முடிந்த பட்டியல் என்றால் கடைசிக்கு முந்தைய உருப்படி வரை ஒவ்வொன்றையும் ஏற்றி, கடைசியை இறக்க வேண்டும். முடியாத பட்டியலும் உண்டு, அதை நம் ஆட்கள் அடிக்கடி கோட்டைவிடுகிறார்கள். ஒவ்வாமை பற்றிக் கேட்கிறீர்கள்: "ஆர் யூ அலர்ஜிக் டு எனிதிங்? பெனிசிலின் ↗, எக்ஸ் ↗, நட்ஸ் ↗..." இங்கே "நட்ஸ்" இறங்கினால், இந்த மூன்றைத்தான் கேட்கிறேன் என்று பொருள். லேடெக்ஸ் கையுறையால் தோல் தடிக்கும் நோயாளி, நீங்கள் அதைக் கேட்கவில்லை என்பதால் "நோ" என்று சொல்லிவிட்டுப் போவார். கடைசியையும் ஏற்றி விட்டால் இந்த மாதிரி வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதாக ஆகும். ஓஇடியில் மொழிக்கு நான்கு அளவுகோல்கள் இருப்பதுபோல் நோயாளியோடு உரையாடும் திறனுக்கு ஐந்து இருக்கின்றன. தகவல் திரட்டுவது அவற்றில் ஒன்று. ஒரு சொல்லின் முடிவில் குரல் போகும் திசை இரண்டு பக்கமும் கணக்கில் வருகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, உங்கள் மிஸ் சொன்ன மூன்றாவது குறைக்கு வருவோம். எனக்கு அதுதான் பெரியதாகப் படுகிறது. முழங்காலில் தையல் போட்ட நோயாளியை வீட்டுக்கு அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சொல்ல வேண்டியது இது:

"இஃப் யூ நோட்டிஸ் ரெட்னஸ் ↗, ஸ்வெல்லிங் ↗, ஆர் எனி டிஸ்சார்ஜ் ↘↗, கால் அஸ் ஸ்ட்ரெய்ட் அவே ↘."

பட்டியல் "டிஸ்சார்ஜ்" என்பதோடு முடிகிறது. விதிப்படி அங்கே இறக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். பட்டியல் முடிந்தாலும் வாக்கியம் முடியவில்லையே. அதனால் "டிஸ்" என்ற அசையில் இறங்கி, "சார்ஜ்" முடியும்போது கொஞ்சம் மேலே திரும்ப வேண்டும். தமிழில் தயக்கத்தோடு "வரலாம்ம்..." என்று இழுக்கும்போது குரல் விழுந்து எழுகிறதே, அந்த வளைவுதான். முழுக்க இறக்கிவிட்டு அடுத்த வாக்கியத்துக்கு மூச்சு வாங்கினால், நோயாளியாக நடிப்பவர் உங்கள் முறை முடிந்தது என்று நினைத்து "ஓகே, அண்ட் வென் கேன் ஐ வாக்?" என்று உள்ளே நுழைவார். அவர்மேல் தப்பில்லை. முக்கியமான எச்சரிக்கை பாதியில் நிற்கிறது, நீங்கள் தடுமாறித் திரும்பிப் போய் அதைத் தொடங்குகிறீர்கள், சரளத்துக்கான மதிப்பெண்ணும் கொஞ்சம் கரைகிறது. மூச்சு வாங்குவதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். குரல் மேலே நிற்கும்போது வாங்குங்கள்; ஒரு முழு நொடி ஆனாலும் யாரும் குறுக்கே வரமாட்டார்கள்.

இதே வளைவு எதிர்ப்பக்கத்திலிருந்தும் வரும். நீங்கள் மாத்திரைகளை விளக்கி முடித்ததும் நோயாளி, "ஐம் ஆல்ரைட் வித் த டேப்லெட்ஸ் ↘↗..." என்று நிறுத்தக்கூடும். சொல்லை மட்டும் கேட்டால் சம்மதம். மெட்டைக் கேட்டால், மாத்திரை சரி, வேறெதுவோ சரியில்லை. ஊசி பயமாக இருக்கலாம். அந்த இடத்தில் "குட்" என்று சொல்லி அடுத்த வேலைக்குப் போவது, மடியில் விழுந்த பழத்தைத் தட்டிவிடுவது மாதிரி. "யூ சவுண்ட் எ பிட் ஒரீட் அபவுட் சம்திங்" என்று சொல்லி நிறுத்துங்கள், மீதியை அவர் சொல்லிவிடுவார்.

பழகும் முறைக்கு வருகிறேன். மேலே உள்ள தையல் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, முதலில் சொல்லே இல்லாமல் "ம்ம்"களாக முனகுங்கள்: ஏற்றம், ஏற்றம், இறங்கி ஏற்றம், இறக்கம். நான்கைந்து முறை ஆனதும் அந்த மெட்டின்மேல் சொற்களை ஏற்றுங்கள். வாக்கியத்தை மனப்பாடம் செய்துவிட்டுப் பிறகு ஏற்ற இறக்கம் சேர்க்கப் பார்த்தால் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பித்த ராகம்தான் வரும். அந்த ராகத்தை உடைப்பது மகா கஷ்டம்.

அப்புறம் போனில் பதிவு செய்து, அதைப் பக்கத்து அறையில் ஓடவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று கேளுங்கள். சொற்கள் மங்கிவிடும், மெட்டு மட்டும் கேட்கும். எது கேள்வி, எங்கே பட்டியல் முடிந்தது, எங்கே இன்னும் பாக்கி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாவிட்டால் அந்த இடத்தில் நீங்கள் தட்டை. வீட்டில் ஆங்கிலம் தெரியாதவர் யாராவது இருந்தால் இன்னும் நல்லது. "இவ கேக்குறாளா, சொல்றாளா?" என்று அவரிடம் கேளுங்கள். ஒரு நாளைக்கு ஆறு வாக்கியம், பத்து நிமிடம் போதும். சோர்ந்த குரல் தானாகவே கீழே விழும் என்பதால் இரவு டியூட்டி முடித்து வந்த கையோடு பதிவு செய்யாதீர்கள்.

மெட்டு என்பது கணக்கு வாய்ப்பாடும் அல்ல. வரிசையாகப் பத்து ஆமாம்-இல்லை கேள்வி கேட்கும் பிரிட்டிஷ் நர்ஸ், நடுவில் பலவற்றை இறக்கியே கேட்பார். பெல்ஃபாஸ்ட் பக்கம் சாதாரண வாக்கியமே ஏறி முடியும். ஆஸ்திரேலியாவிலும் இளைஞர்கள் பலர் அப்படிப் பேசுகிறார்கள். மதிப்பிடுபவர் லண்டன் உச்சரிப்பைத் தேடுவதில்லை, உங்கள் தமிழ்ச் சாயலும் இருக்கலாம். நீங்கள் கேட்டது கேள்வி என்றும், சொல்லி முடித்துவிட்டீர்கள் என்றும் சிரமமில்லாமல் புரிகிறதா என்பதைத்தான் அவர் கவனிக்கிறார். அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் அம்புக்குறி போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். இந்த வாரம் தையல் வாக்கியத்தின் "டிஸ்சார்ஜ்" ஒன்றை மட்டும் சரிசெய்யுங்கள். மிஸ்ஸிடம் சொல்லாமல் அடுத்த மாதிரித் தேர்வில் அதைப் பேசிப் பாருங்கள். அந்த இடத்தில் அவர் குறுக்கே வருகிறாரா என்று கவனியுங்கள்.