±3 என்பது யாருடைய வரம்பு? – கேள்வி பதில்

செல்வி: 1,000 பேரிடம் எடுத்த கருத்துக்கணிப்பில் பிழை வரம்பு ±3 என்று போட்டிருக்கிறது. அதிலேயே 18–25 வயதினரில் 62% ஆதரவு என்கிறார்கள். அதற்கும் ±3 தானே?

பதில்: இல்லை. அந்த ±3 ஆயிரம் பேரையும் சேர்த்துப் போட்ட கணக்கு. அவர்களில் இளைஞர்கள் நூறு பேர்தான் என்றால், அவர்களுக்கான வரம்பு ஏறக்குறைய ±10. உண்மை நிலவரம் 52 ஆகவும் இருக்கலாம், 72 ஆகவும் இருக்கலாம். நீங்களே போட்டுப் பார்க்கலாம்: ஆட்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து, 98-ஐ அதனால் வகுத்தால் போதும். 1,000 பேருக்கு 3.1 வரும், 100 பேருக்கு 9.8. இருபதில் ஒரு கணிப்பு இந்த வரம்பையும் தாண்டிப்போகும்.

சுந்தரம்: ஒரு கட்சி 4 புள்ளி முன்னால் இருக்கிறது, வரம்பு ±3. அப்படியானால் முன்னிலை உறுதிதானே?

பதில்: முன்னால் இருக்க வாய்ப்பு அதிகம் என்பது வரை சரி. ஆனால் ±3 ஒவ்வொரு கட்சியின் சதவீதத்துக்கும் உரியது. இருமுனைப் போட்டியில் ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். அதனால் இடைவெளிக்கான வரம்பு ஏறக்குறைய ±6.

மீனா: சிறு பிரிவில் ஆள் குறைவென்றால், கிடைத்தவர்களுக்கு எடை கூட்டி, அதாவது ஒருவரின் பதிலைப் பல பேரின் பதிலாக எண்ணி, சரிசெய்துவிடுகிறார்களே?

பதில்: அதில்தான் வினையே. 2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ், தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து சுமார் 3,000 பேர் கொண்ட நிலையான குழுவைத் திரும்பத் திரும்பக் கேட்டு வந்தது. அதில் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த 19 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர் டிரம்ப் ஆதரவாளர். அவரைப் போன்றவர்கள் குழுவில் மிகக் குறைவு என்பதால், அவர் ஒருவருக்குச் சராசரி ஆளைப்போல முப்பது மடங்கு எடை விழுந்தது. அவர் பதில் சொன்ன நாட்களில் கறுப்பினத்தவரிடையே டிரம்புக்கான ஆதரவு இரட்டை இலக்கத்துக்குத் தாவியது. தேசிய எண்ணையே அவரால் ஒரு புள்ளி வரை நகர்த்த முடிந்தது. எடை கூட்டினால் விகிதாச்சாரம் சரியாகுமே தவிர, புதிதாக ஓர் ஆள் கூடப் பதில் சொல்லிவிடுவதில்லை. பிரிவில் எத்தனை பேர் என்று அறிக்கையில் தேடுங்கள். அந்த எண்ணே இல்லையென்றால் நான் அட்டவணையைத் தாண்டிப் போய்விடுவேன்.

இராமநாதன்: எங்கள் குடியிருப்பில் 60 வீடு. 45 வீட்டார் பதில் சொன்னார்கள். உங்கள் கணக்குப்படி ±15 வருகிறது. எங்கள் முடிவு செல்லாதா?

பதில்: உங்கள் கதை வேறு. முக்கால்வாசிப் பேரைக் கேட்டாகிவிட்டதால் வரம்பு பாதியாகி, ±7 அளவில் நிற்கும். அதுவும் அந்த 45 வீடுகள் குலுக்கல் முறையில் அமைந்திருந்தால்தான். கதவைத் திறக்காத 15 வீட்டாரும் வாடகைக்கு இருப்பவர்கள் என்றால் எந்தச் சூத்திரமும் உதவாது.

செல்வி: அப்படியானால் சிறு பிரிவுகளின் எண்ணை வெளியிடாமலே விட்டுவிடலாமே?

பதில்: நூறு பேருக்குக் கீழே இருந்தால் வெளியிடக் கூடாது என்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் சிறுபான்மையினர் எந்தக் கணிப்பிலும் தென்படவே மாட்டார்கள் என்பது எதிர்வாதம். அவர்களை மட்டும் கூடுதலாகத் தேடிக் கேட்கலாம், செலவு கூடும். பல கணிப்புகளைச் சேர்த்தும் பார்க்கலாம். ஆனால் அதற்குள் நிலவரம் மாறியிருக்கும். நான் இன்னும் எந்தப் பக்கமும் முழுதாகச் சாயவில்லை.