குக்குலு மாத்திரையும் பூண்டும் கொலஸ்ட்ராலைக் குறைக்குமா?

"எனக்கு வயது 57. கெட்ட கொழுப்பு 160 இருந்ததால் ஒரு வருடமாக அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி. சாப்பிடுகிறேன். இப்போது 96. மூட்டுவலிக்காக வாங்கிய குக்குலு மாத்திரை கொழுப்பையும் கரைக்கும் என்கிறார்கள். தினமும் பூண்டுப் பாலும் குடிக்கிறேன். இனி ஸ்டாட்டினை விட்டுவிடலாமா? டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை."

விடாதீர்கள் அம்மா. 160 உங்களுக்கு 96 ஆனது ஸ்டாட்டினால்தான்.

பூண்டை முதலில் பார்ப்போம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கொலஸ்ட்ரால் சற்றுக் கூடுதலாக இருந்த 192 பேருக்கு, வாரம் 6 நாள் வீதம் 6 மாதம், ஒரு பல் அளவு பூண்டைப் பச்சையாகவோ மாத்திரையாகவோ கொடுத்தார்கள். 2007-இல் முடிவு வந்தது: கெட்ட கொழுப்பு குறையவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சுமார் 9 புள்ளி குறையலாம் என்கிறார்கள். அதை அப்படியே நம்பினாலும் உங்கள் 160 பூண்டால் 151-க்குத்தான் வந்திருக்கும். சமையல் பூண்டும் பூண்டுப் பாலும் தாராளமாகத் தொடரட்டும். பூண்டு கேப்சூல் வேறு விஷயம். ஆஸ்பிரினோ இரத்தம் உறையாமலிருக்க வேறு மாத்திரையோ எடுப்பவர்களுக்கு அதனால் இரத்தக்கசிவு கூடலாம்.

குக்குலுவை நம் நாட்டில் 1980-களில் கொழுப்புக்கான மருந்தாகவே அங்கீகரித்தார்கள். இங்கு நடந்த சில சிறிய ஆய்வுகளில் நல்ல பலன் தெரிந்தது உண்மை. ஆனால் 2003-இல் பென்சில்வேனியாவில் 103 பேருக்கு 8 வாரம் கொடுத்துப் பார்த்தபோது, வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்குக் கெட்ட கொழுப்பு 5% குறைந்தது. குக்குலு எடுத்தவர்களுக்கோ 4 முதல் 5% ஏறியது. சிலருக்கு உடலில் தடிப்பும் வந்தது.

டாக்டரிடம் சொல்லச் சொல்வதற்கு எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. அட்டோர்வாஸ்டாட்டினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைக் குக்குலு தூண்டுவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. மனிதர்களில் இது எவ்வளவு நடக்கும் என்று அளந்து உறுதியாகவில்லை. ஆனாலும் அடுத்த சோதனையில் உங்கள் அளவு 96-லிருந்து 125 ஆகிவிட்டால், விஷயம் தெரியாத டாக்டர் ஸ்டாட்டினை 40 மி.கி. ஆக்குவார். பிறகு நீங்கள் குக்குலுவை நிறுத்தினால் அந்தக் கூடுதல் டோஸ் அப்படியே உடலில் நிற்கும்.

இன்னொன்று தசை. ஸ்டாட்டின் எடுக்கும் சிலருக்குத் தசைவலி வரும். குக்குலுவால் மட்டுமே கடுமையான தசைச் சிதைவு ஏற்பட்டதாகவும் மருத்துவ இதழில் பதிவு உண்டு. நீங்களோ அதை மூட்டுவலிக்காக எடுக்கிறீர்கள். புதிதாகத் தசை வலித்தாலும் 'பழைய முட்டிவலிதான்' என்று இருந்துவிடுவீர்கள். வலி மூட்டில் இல்லாமல் இரண்டு தொடையிலும் தோளிலும் இருந்தாலோ, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாவிட்டாலோ உடனே டாக்டரைப் பாருங்கள். சிகே என்ற இரத்தச் சோதனை செய்வார். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்போதைக்குக் குக்குலுவை நிறுத்தி வையுங்கள். அந்த டப்பாவை அப்படியே டாக்டரிடம் எடுத்துப்போய், எப்போது தொடங்கினீர்கள், நாளுக்கு எத்தனை என்று சொல்லுங்கள். நிறுத்தி 6 முதல் 8 வாரம் கழித்துக் கொலஸ்ட்ராலைப் பாருங்கள். மூட்டுவலிக்கு வேறு வழி என்ன என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.