லிங்க்ட்இன்ல ஆர்ட்டிகிள் எழுதுனா யாராவது படிக்கணும்ல? சிவில் படிக்கிற ஒரு தம்பிக்கு எழுதுன பதில்

தம்பி, நீங்க அனுப்புன லிங்க்ட்இன் ஆர்ட்டிகிளை ரெண்டு தடவை முழுசா படிச்சேன். மூணு வாரம் உக்காந்து எழுதியிருக்கீங்க, 1400 வார்த்தை, ஆனா படிச்சவங்க பதினோரு பேரு, அதுல நாலு பேரு ஹாஸ்டல் பசங்கன்னு சொல்லியிருந்தீங்க. எழுத்து சரியில்லைன்னு நெனச்சுக்காதீங்க. உள்ள ஒரு நல்ல விஷயம் இருக்கு, அத ஒன்பதாவது பாராவுல போய் ஒளிச்சு வச்சிருக்கீங்க, அவ்வளவுதான். கான்கிரீட்ட கனசதுரமா வார்த்து மெஷின்ல நசுக்கிப் பாத்த அந்த க்யூப் டெஸ்ட் கதையதான் சொல்றேன். நீங்க இங்கிலீஷ்ல எழுதுனத நான் தமிழ்லயே பேசுறேன், திருப்பி எழுதும்போது நீங்க இங்கிலீஷ்லயே எழுதிக்கோங்க.

முதல்ல தலைப்பு. நீங்க வச்சது 'எனது இன்டர்ன்ஷிப் பயணம்: கற்றலும் அனுபவமும்'. இந்தத் தலைப்ப ஐடி பையன் வைக்கலாம், நர்சிங் பொண்ணு வைக்கலாம், பேங்க்ல இன்டர்ன்ஷிப் பண்ணவங்களும் வைக்கலாம், அப்போ அது உங்க ஆர்ட்டிகிளோட தலைப்பே இல்ல. நான் பசங்ககிட்ட எப்பவும் கேக்குற கேள்வி ஒண்ணுதான், இதப் படிக்க வேண்டிய ஆள் யாரு, அவருக்கு எந்த நாள்ல இது தேவைப்படும்? உங்க விஷயத்துல பதில் தெளிவா இருக்கு. ஏதோ ஒரு சைட்ல க்யூப் ரிசல்ட் கம்மியா வந்து, ரெடிமிக்ஸ் கான்கிரீட் அனுப்புற ஆர்எம்சி காரன்கிட்ட சண்டை போடுறதா இல்ல நம்ம ஆளுங்கள கேக்குறதான்னு முழிச்சிட்டு நிக்கிற சைட் எஞ்சினியர், க்யூஏ க்யூசி ஆளு. உங்களுக்கு வேல குடுக்கப் போறவங்களும் பெரும்பாலும் அவங்கதான் இல்லன்னா அவங்களுக்கு மேல இருக்குறவங்க. அவர் கண்ணுல படுற மாதிரி தலைப்பு வைக்கணும்.

அதனால மொத தடவை இப்படி எழுதிப் பாத்தேன்: 'கான்கிரீட் க்யூப் டெஸ்ட்ல நான் கத்துக்கிட்டது'. விஷயம் வந்துடுச்சு, ஆனா என்ன நடந்துச்சுன்னு தெரியல. ரெண்டாவது: 'க்யூப் ரிசல்ட் கம்மியா வந்தா மிக்ஸ மட்டும் சந்தேகப்படாதீங்க'. இது பரவாயில்ல, ஆனா இருபது வருஷம் சைட்ல நின்னவருக்கு மூணாவது வருஷப் பையன் புத்தி சொல்ற மாதிரி இருக்கு, அது உங்க வயசுக்கு ஒட்டாது. மூணாவது: 'எம்25 கான்கிரீட், 7 நாள் க்யூப் 12-ல உடைஞ்சுது: தப்பு மிக்ஸ்லயா, க்யூப்லயா?' இதுதான். கிரேடு இருக்கு, நாள் இருக்கு, நம்பர் இருக்கு, அந்த 12-ங்கிறத பாத்த உடனே சிவில் ஆளுக்கு மனசுல ஏதோ உறுத்தும், அப்படியே உள்ள வந்துடுவாரு. முக்கியமான வார்த்தைங்க முன்னாடியே இருக்குறத கவனிங்க. போன்ல நீளமான தலைப்போட வால் வெட்டுப்படும், 'எனது பயணம்'னு ஆரம்பிச்சா வெட்டுப்படாம நிக்கிறது அந்த ஒண்ணுக்கும் உதவாத பாதிதான்.

தலைப்புல கேட்ட கேள்விக்கு உள்ள பதில் இருக்கணும்ங்கிறத மட்டும் விட்றாதீங்க. 'அதிர்ச்சி', 'யாரும் சொல்லாத ரகசியம்'னெல்லாம் போட்டு ஆள கூப்பிட்டு உள்ள ஒண்ணும் இல்லன்னா, அடுத்த தடவை உங்க பேர பாத்தாலே தள்ளிட்டுப் போயிடுவாங்க. லிங்க்ட்இன்ல உங்கள பாக்குறவங்க பெரும்பாலும் உங்க துறை ஆளுங்க, ஞாபகம் வச்சுப்பாங்க.

இப்போ ஆரம்பம். உங்க மொத அஞ்சு பாராவும் கம்பெனி எப்போ தொடங்குனாங்க, எத்தன ப்ராஜெக்ட் முடிச்சாங்க, எச்ஓடிக்கு நன்றி, கைடுக்கு நன்றி. காலேஜ் ரிப்போர்ட்டுக்கு அது வேணும், அந்தப் பழக்கத்துலதான் எழுதியிருக்கீங்க, ஆனா இங்க படிக்கிறவரு லன்ச் டைம்ல கட்டைவிரல்ல தள்ளிட்டே போறவரு. அவருக்கு மொத மூணு வரிதான் உங்க கையில இருக்கு. அதனால மெஷின் முன்னாடி நின்ன அந்த நேரத்துலயே ஆரம்பிங்க. நீங்க எனக்கு போன்ல சொன்னீங்களே, அதுவே போதும்: சுமை ஏத்த ஏத்த ஊசி மேல போயிட்டே இருந்துச்சு, 365 கிலோநியூட்டன் கிட்டயாவது போகும்னு காத்திருந்தோம், 270-லயே க்யூப் விரிஞ்சு ஊசி திரும்பிடுச்சு, லேப்ல யாரும் பேசல. இத அப்படியே எழுதுங்க. ஆர்ட்டிகிள்ல இந்த அளவுக்கு உயிரோட இருக்குற இடம் வேற இல்ல.

அதுக்கு அடுத்த பாரா ஒண்ணே ஒண்ணு, சிவில் தெரியாத எச்ஆர் படிச்சாலும் புரியுற மாதிரி. 150 மில்லிமீட்டர் க்யூப், எம்25ன்னா 28 நாள்ல சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்கணும், 7 நாள்ல அதுல ஏறக்குறைய 65 சதவீதம், அதாவது 16 வரும்னு எதிர்பார்ப்பாங்க, நமக்கு வந்தது 12. போதும். நீங்க இந்த இடத்துல சிமென்ட் வகைகள், ஹைட்ரேஷன்னு ஒன்றரைப் பக்கம் பாடம் எடுத்திருக்கீங்க, அது முழுக்க போகட்டும், தெரிஞ்சவருக்கு அது தேவையில்ல, தெரியாதவரு அங்கயே கிளம்பிடுவாரு.

அப்புறம் நடு உடம்பு. இங்க நீங்க 'நோக்கம், செய்முறை, முடிவு'ன்னு பிரிச்சிருக்கீங்க. அத விட்டுட்டு சைட்ல எந்த வரிசையில சந்தேகப்பட்டாங்களோ அந்த வரிசையிலயே எழுதுங்க. மொதல்ல ஆர்எம்சி மேல சந்தேகம், பேட்ச் ஷீட்ட எடுத்துப் பாத்தாங்க, சரியா இருந்துச்சு. அடுத்து சைட்ல வண்டியில தண்ணி சேத்துட்டாங்களான்னு கான்கிரீட் எவ்வளவு இளகலா வந்துச்சுன்னு குறிச்சு வைக்கிற ஸ்லம்ப் ரெஜிஸ்டர பாத்தாங்க, அதுவும் ஒழுங்கு. கடைசியில நீங்கதான் உடைஞ்ச க்யூப கையில எடுத்துப் பாத்தீங்க, பக்கவாட்டுல ஈர்க்குச்சி நுழையுற அளவு ஓட்டை ஓட்டையா தேன்கூடு மாதிரி இருந்துச்சு. விசாரிச்சா, மோல்டுல மூணு லேயரா போட்டு ஒவ்வொரு லேயருக்கும் டாம்பிங் ராடால 35 குத்துக்குக் குறையாம குத்த வேண்டியத, அன்னிக்கு லேப் ஆள் லீவுன்னு வேற ஒருத்தர் ரெண்டே தடவையா அள்ளிப் போட்டு கரண்டியால தட்டி விட்டிருக்காரு. இத இந்த வரிசையில எழுதுனா படிக்கிறவரு உங்ககூடவே தேடிட்டு வருவாரு, நடுவுல எழுந்து போக மனசு வராது. செய்முறைய நீங்க தனியா விளக்கவே வேணாம், தப்பு எங்கன்னு சொல்லும்போது சரியான முறையும் கூடவே வந்துடுது பாருங்க.

துணைத்தலைப்பும் அதே மாதிரிதான். எழுதுற பக்கத்துல மேல டூல்பார்லயே ஹெட்டிங் ஆப்ஷன் இருக்கு, அத யூஸ் பண்ணுங்க, எழுத்த போல்டாக்கி மட்டும் விடாதீங்க. 'அறிமுகம்'னு போடுறதுக்குப் பதிலா 'பேட்ச் ஷீட் சரியா இருந்துச்சு', 'க்யூப கையில எடுத்துப் பாத்தப்போ'ன்னு வைங்க. ஒரு சோதனை சொல்றேன், துணைத்தலைப்ப மட்டும் தனியா ஒரு பேப்பர்ல எழுதி ரூம்மேட்கிட்ட குடுங்க, அவருக்கு கதை பாதியாவது புரிஞ்சா சரி. இதுக்கு நாலு போதும், மொத்தமா 800 வார்த்தைக்குள்ள முடிஞ்சிடும்.

இன்னொண்ணு, இத நான் ரொம்ப அழுத்திச் சொல்றேன். அடுத்த பேட்ச்ல நீங்களே நின்னு ஒழுங்கா குத்தி போட்ட க்யூப் 17 வந்துச்சுன்னு எழுதி, 'ஆகவே மிக்ஸில் தவறில்லை'ன்னு முடிச்சுட்டீங்க. அது வேற நாள் வந்த கான்கிரீட் தம்பி. மொத நாள் கான்கிரீட்ல போட்ட ஸ்லாப் நல்லா இருக்குன்னு அது நிரூபிக்காது, மிச்சம் இருந்த 28 நாள் க்யூபும் அதே கையால போட்டதுதான், அதயும் நம்ப முடியாது. அதனாலதான உங்க எஞ்சினியர் அந்த ஸ்லாப்ல, உடைக்காம மேல தட்டியே உறுதிய கணிக்கிற ரீபவுண்ட் ஹேமர் வச்சு பாத்தாரு? அத நீங்க எழுதவே இல்ல. 'இதுக்கு மேல எனக்கு உறுதியா சொல்ல முடியாது, அதனால இப்படிப் பண்ணாங்க'ன்னு நாலு வரி சேருங்க. அனுபவம் உள்ளவரு படிக்கும்போது இந்தப் பையன் எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சவன்னு அந்த இடத்துலதான் முடிவு பண்ணுவாரு, அந்த ஓட்டைய அவரா கண்டுபிடிச்சு கமெண்ட்ல கேட்டா கதையே மாறிடும்.

போட்டோ ரெண்டு போதும், ஓட்டை விழுந்த க்யூபும் நல்ல க்யூபும் பக்கத்துல பக்கத்துல. பின்னாடி கம்பெனி போர்டு, க்யூப் மேல எழுதுன சைட் பேரு தெரிஞ்சா வெட்டிடுங்க. கம்பெனி பேரு, ஆர்எம்சி பேரு, க்யூப் போட்டவரு பேரு எதுவும் வேணாம், 'ஒரு அபார்ட்மென்ட் சைட்'னா போதும். போடுறதுக்கு முன்னாடி உங்க சைட் எஞ்சினியருக்கு முழுசும் வாட்ஸ்அப்ல அனுப்பி அனுமதி வாங்கிடுங்க, அவரு வேணாம்னா வேணாம்தான், வேற விஷயம் எழுதலாம்.

முடிவுக்கு வர்றேன். நீங்க 'இந்த வாய்ப்புக்கு நன்றி, வேலை வாய்ப்பு இருந்தால் தெரிவிக்கவும், லைக் பண்ணவும்'னு முடிச்சிருக்கீங்க. நன்றிய அவங்களுக்கு போன் பண்ணி சொல்லுங்க, அதான் மரியாதை. வேலை தேடுறது உங்க ப்ரொஃபைல்ல போட்டோவுக்குக் கீழ இருக்குற வரியிலயே இருக்கட்டும், ஆர்ட்டிகிள் பிடிச்சவரு எப்படியும் பேர அழுத்தி அங்க வருவாரு. கடைசி பாராவுல நீங்க இப்போ க்யூப் போடும்போது என்ன மாத்தி செய்றீங்கன்னு ரெண்டு வரி, அதுக்கப்புறம் ஒரு கேள்வி. 'உங்கள் கருத்து என்ன?'ன்னு கேட்டா யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க, எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியாது. 'உங்க சைட்ல க்யூப் போடுறது யாரு, லேப் ஆளா, மேஸ்திரியா, கையில கிடைச்சவரா?'ன்னு கேளுங்க. இதுக்கு ஒரே வார்த்தையில பதில் சொல்லலாம், சைட்ல நிக்கிறவரால மட்டும்தான் சொல்ல முடியும், சொன்னவரு கூடவே தன் கதையும் ஒண்ணு சொல்லுவாரு. பதில் போட்டவங்களுக்கு அன்னிக்கே நீங்களும் பதில் போடுங்க.

போடும்போது Write article-ல எழுதி Next அழுத்துனா கூட ஒரு சின்ன போஸ்ட் எழுத இடம் வரும், நீங்க அத காலியா விட்டுட்டீங்க. ஃபீட்ல ஜனங்க பாக்குறது அந்தப் போஸ்டையும் தலைப்பையும்தான். மெஷின் முன்னாடி நடந்ததயே மூணு வரியா சுருக்கி அங்க போடுங்க, பதில மட்டும் சொல்லாதீங்க. போஸ்ட்டுக்கு 3000 எழுத்துதான் எல்லை, அதுக்குள்ள அடங்குற விஷயம்னா ஆர்ட்டிகிளே தேவையில்ல, ஆனா உங்க கதை அடங்காது, படமும் துணைத்தலைப்பும் வேணும். பப்ளிஷ் ஆனதும் ப்ரொஃபைல்ல Featured பகுதியில சேத்து வைங்க, இன்டர்வியூவுக்கு முன்னாடி பாக்குறவங்களுக்கு மொதல்ல தெரியும்.

ஒரு வாரம் கழிச்சு லைக்க எண்ண வேணாம், அனலிட்டிக்ஸ் தொறந்து பாருங்க. ஃபீட்ல நிறைய பேர் கண்ணுல பட்டு, உள்ள வந்தவங்க கம்மின்னா தலைப்பும் அந்த மூணு வரியும் சரியில்ல, மாத்துங்க. உள்ள வந்தும் யாரும் பேசலன்னா கடைசிக் கேள்விய பாருங்க. பாத்தவங்களோட வேலைப் பேரும் அங்க வரும், அதுல சைட் எஞ்சினியர், க்யூசின்னு இருந்தா நாப்பது பேர் படிச்சாலும் சரியான ஆளுங்ககிட்ட போயிருக்கு, முழுக்க ஸ்டூடண்ட்ஸா இருந்தா இன்னும் போகலைன்னு அர்த்தம்.

ஞாயித்துக்கிழமைக்குள்ள மொத மூணு வரி, நாலு துணைத்தலைப்பு, கடைசிக் கேள்வி, இத மட்டும் அனுப்புங்க, நடுவ அப்புறம் பாத்துக்கலாம். எஞ்சினியர் சார் போட்டோவுக்கு என்ன சொன்னாருன்னும் எழுதுங்க.