‘வக்கீல்ட்ட பேசிட்டேன்’ என்று வாடிக்கையாளர் எழுதினால் முதல் பதில் எப்படி இருக்க வேண்டும்?

கேள்வி: மதுரையில் வீட்டு இன்டீரியர் வேலை எடுத்துச் செய்கிறேன். பழைய வாடிக்கையாளர் ஒருவர் ‘வக்கீல்ட்ட பேசிட்டேன், இனி கோர்ட்ல பாத்துக்கலாம்’ என்று வாட்ஸ்அப் அனுப்பியிருக்கிறார். சண்டையாகவும் ஆகக் கூடாது, பயந்துபோன மாதிரியும் இருக்கக் கூடாது. என்ன எழுதுவது?

பதில்:

அன்றைக்கே சின்னதாக ஒரு பதில் போடுங்கள். ஆனால் அதில் காரணம் எதையும் எழுதாதீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், ஏன் என்று புரியும்.

நானும் இதே தொழில்தான், பழங்காநத்தத்தில் பட்டறை. திருப்பாலையில் ஒரு வீட்டுக்கு மாடுலர் கிச்சன் செய்து ஜூனில் ஒப்படைத்தோம். மொத்தம் 2,40,000 ரூபாய். அதில் கடைசிப் பத்து சதவீதம், 24,000, பாக்கி நின்றது. நவம்பரில் ஒரு புதன்கிழமை ராத்திரி, நாலு போட்டோவோடு மெசேஜ் வந்தது: “சிங்க் கபோர்டு கதவெல்லாம் ஊதிப்போச்சு. மட்டமான மரத்தப் போட்டு ஏமாத்திட்டீங்க. என் மச்சான் ஐகோர்ட்ல வக்கீல். ரெண்டு நாள்ல பதில் வரலன்னா நோட்டீஸ் வரும். கன்ஸ்யூமர் கோர்ட்ல பாத்துக்கிறேன்.”

படித்தவுடன் கை பரபரத்தது. ஐந்து மாதமாகப் பாக்கியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதைக் கொடுக்காதவர் ஏமாத்திட்டீங்க என்கிறாரே என்று. நான் அடித்து வைத்த முதல் பதில் இது: “உங்க பிளம்பர் வேலை சரியில்லாம தண்ணி ஒழுகினா நாங்க என்ன சார் பண்றது? மொதல்ல 24,000த்தக் குடுங்க, அப்புறம் வந்து பாக்குறோம்.” அனுப்பவில்லை. பட்டறையில் என்னோடு இருக்கிற ஆசாரி அண்ணன் வாங்கிப் படித்துவிட்டு, “நீ இன்னும் போயே பாக்கலியேப்பா, பிளம்பர்னு எப்படி எழுதுற?” என்றார்.

அதுதான் விஷயம். அந்தப் பதிலில் இரண்டு கேடு இருந்தது. பார்க்காத ஒன்றுக்குக் காரணம் சொல்லியிருந்தேன். நாளைக்கு அது வேறு மாதிரி என்று தெரிந்தால், நான் எழுதிய மற்ற எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். இன்னொன்று, குறையைப் பார்ப்பதற்கே பாக்கியை நிபந்தனையாக்கியிருந்தேன். நுகர்வோர் ஆணையத்தில் உட்கார்ந்து அதைப் படிப்பவருக்கு அது மிரட்டலாகத்தான் தெரியும். நம் பாக்கி நியாயமானதாக இருந்தாலும் அப்படித்தான்.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. மறுநாள் காலையில் பயம் பிடித்து “சாரி சார், தப்பு எங்க மேலதான், எல்லாத்தையும் மாத்திக் குடுத்துடுறோம்” என்று எழுதுவது. எழுத்தில் ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான். அந்த “எல்லாத்தையும்” என்ற சொல் நாலு கதவா, முழுக் கிச்சனா என்று பிறகு நீங்கள் விளக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

நான் கடைசியில் அனுப்பியது இது:

“வணக்கம் சார். உங்கள் மெசேஜும் 4 போட்டோவும் இன்று இரவு 9.40-க்குப் பார்த்தேன். சிங்க்குக்குக் கீழே உள்ள கதவுகள் ஊதியிருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். நேரில் பார்த்த பிறகுதான் காரணம் சொல்ல முடியும். நாளை வியாழன் காலை 10 மணி, அல்லது சனி மாலை 4 மணி, உங்களுக்கு எது வசதியோ அப்போது வருகிறேன். அதுவரை கதவைக் கழற்ற வேண்டாம், ஈரம் இருந்தால் துடைத்து மட்டும் வையுங்கள். பார்த்த அன்றே, கண்டதை எழுத்தில் அனுப்புகிறேன்.”

இதில் எது இல்லை என்று பாருங்கள். மச்சான் இல்லை, ஏமாற்று இல்லை, பாக்கி இல்லை. ஒத்தக்கடைப் பக்கம் 2004-இல் ஐகோர்ட் கிளை வந்த பிறகு நம்மூரில் யார் வீட்டில்தான் ஒரு வக்கீல் இல்லை? அந்த வரிக்குப் பதில் எழுதினால் பேச்சு கதவை விட்டு மச்சானிடம் போய்விடும். “ஏமாத்திட்டீங்க” என்பதையும் மறுத்துச் சண்டை போடவில்லை, ஏற்கவும் இல்லை. “சொல்லியிருக்கிறீர்கள்” என்ற ஒரு சொல் அந்த வேலையைச் செய்துவிடும். அவர் சொன்னது அவருடையதாகவே நிற்கும்.

சனிக்கிழமை போவதற்கு முன் காகிதங்களை எடுத்து வைத்தேன். அவர் கையெழுத்துப் போட்ட கொட்டேஷனில் பெட்டிகளுக்கு 710 கிரேடு பிளைவுட், கதவுகளுக்கு 18 மி.மீ. எம்.டி.எஃப். என்று தெளிவாக இருந்தது. மரக்கடை பில் இருந்தது. லேமினேட் ஒட்டுவதற்கு முன் பலகையில் இருந்த ஐ.எஸ். முத்திரையின் போட்டோவும் போனில் இருந்தது. ஒட்டிவிட்டால் அந்த முத்திரை யார் கண்ணுக்கும் தெரியாது, அதனால் ஒவ்வொரு வேலைக்கும் எடுத்து வைப்பது வழக்கம். “மட்டமான மரம்” என்பதற்கு இந்த மூன்றும்தான் பதில்.

வீட்டில் அவரையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டுதான் பார்த்தேன். சிங்க்குக்குக் கீழே பாட்டில் டிராப்பின் நட்டைச் சுற்றி ஒரு டிஷ்யூ பேப்பரைச் சுற்றிக் குழாயைத் திறந்துவிட்டோம். பத்து நிமிடத்தில் பேப்பர் நனைந்து சொட்டியது. அந்தத் தண்ணீர் அடிப்பலகை மேல் முன்னுக்கு ஓடி, கதவின் கீழ் ஓரத்தில் தேங்கியிருக்கிறது. காலிப்பரை வைத்தால் கதவின் கீழ் ஓரம் 21 மி.மீ., மேல் ஓரம் 18. அடிப்பலகை ஊதவில்லை. இதோடு நின்றிருந்தால் முழுக்க பிளம்பர் பக்கம்தான். ஆனால் இடது கதவின் கீழ் ஓரத்தில் எட்ஜ் பேண்ட் நான்கு சென்டிமீட்டருக்குப் பிரிந்து வாய் திறந்திருந்தது. கிச்சனில் ஈரம் படாத மற்ற கதவுகளைத் தடவிப் பார்த்தேன். அவற்றில் ஒன்றிலும் விரல் நகம் போகிற அளவுக்குத் தொடக்கம் இருந்தது. அது தண்ணீரால் வந்ததல்ல, எங்கள் ஒட்டு. முதல் ராத்திரியே பிளம்பர் மேல் போட்டிருந்தால் இந்த இடத்தில் எனக்கு வாய் அடைத்திருக்கும்.

அன்று மாலையே இரண்டாவது மெசேஜ்:

“இன்று மாலை 4 மணிக்கு உங்கள் முன்னிலையில் பார்த்தவை. பாட்டில் டிராப் நட்டில் நீர்க்கசிவு இருக்கிறது (வீடியோ 1). சிங்க் கீழ்க் கதவு இரண்டும் கீழ் ஓரத்தில் 21 மி.மீ., மேல் ஓரத்தில் 18 மி.மீ. (போட்டோ 2, 3). இடது கதவில் எட்ஜ் பேண்ட் 4 செ.மீ. பிரிந்திருக்கிறது (போட்டோ 4). அடிப்பலகையில் ஊதல் இல்லை (போட்டோ 5). கொட்டேஷனில் பெட்டிக்கு 710 பிளைவுட், கதவுக்கு எம்.டி.எஃப். என்று இருக்கிறது, பில்லும் முத்திரைப் போட்டோவும் இணைத்திருக்கிறேன். பிளம்பிங் எங்கள் வேலையில் சேரவில்லை. கசிவை நீங்கள் சரிசெய்த 7 வேலை நாளில், இந்த இரண்டு கதவையும் செலவில்லாமல் மாற்றி, மற்றக் கதவுகளின் ஓரங்களையும் சரிபார்த்துத் தருகிறோம். பிரச்சினையைப் பேசி முடிப்பதற்காக இதைச் சொல்கிறோம். எங்கள் உரிமைகளுக்குப் பாதகமில்லாமல். சம்மதம் என்றால் ஒரு வரி எழுதுங்கள்.”

எட்ஜ் பேண்ட் பிரிந்ததை ஏன் நானே எழுதினேன் என்று பட்டறையில் கேட்டார்கள். அவர் போட்டோவிலேயே அது தெரிகிறது. நான் விட்டுவிட்டால், மறைத்தான் என்று ஆகும். ஆனால் கண்டதை மட்டும்தான் எழுதினேன், “அதனால்தான் ஊதியது” என்று எழுதவில்லை. கண்டது வேறு, தீர்ப்பு வேறு. “உரிமைகளுக்குப் பாதகமில்லாமல்” என்பது வக்கீல்கள் சமரசப் பேச்சில் போடும் வரி. சமரசத்துக்குச் சொன்னதைக் குற்ற ஒப்புதலாகக் காட்டக் கூடாது என்பதற்காக. அது உதவும், ஆனால் கவசம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த வரியை எடுத்துவிட்டுப் படித்தாலும் வெட்கப்பட வேண்டாத மாதிரி மற்ற வரிகள் இருக்க வேண்டும்.

நடுவில் அவர் போன் செய்தால் எடுத்துப் பேசுங்கள். வைத்தவுடன் “இன்று 6 மணிக்குப் பேசியபடி…” என்று இரண்டு வரி அனுப்பிவிடுங்கள். கோபத்தில் எதையாவது அனுப்பிவிட்டால் `Delete for everyone` போடாதீர்கள். அழித்த தடம் அங்கேயே நிற்கும், என்ன எழுதினான் என்ற கற்பனை நீங்கள் எழுதியதைவிட மோசமாக இருக்கும். “நேற்று எழுதிய தொனி சரியில்லை, மன்னிக்கவும், விஷயம் இதுதான்” என்று அடுத்த வரியில் திருத்துவது மேல். `Export chat` போட்டு ஒரு பிரதி எடுத்து வையுங்கள், போனையும் மாற்றிவிடாதீர்கள். நுகர்வோர் புகாரைச் சம்பவம் நடந்ததிலிருந்து இரண்டு வருடம் வரை கொடுக்கலாம், அதனால் காகிதமும் அத்தனை நாள் இருக்க வேண்டும்.

இதெல்லாம் அவர் சும்மா கோடு காட்டுகிற வரைக்கும்தான். நிஜமாகவே வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டால் வாட்ஸ்அப்பில் விஷயத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்துங்கள். “நோட்டீஸ் கிடைத்தது, வக்கீல் மூலம் பதில் அனுப்புகிறோம்” என்பதோடு சரி. கவரைக் கிழித்துப் போடாமல் தபால் முத்திரைத் தேதியோடு வக்கீலிடம் கொடுங்கள். பெரும்பாலும் 15 நாள் கெடு போட்டிருப்பார்கள். பதில் போடாவிட்டால் அதனாலேயே கேஸ் தோற்காது, ஆனால் “பதிலே இல்லை” என்று புகாரில் ஒரு பத்தி சேரும்.

வக்கீல் லெட்டர்பேடில் வருவது ஒன்று, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் முத்திரையும் வழக்கு எண்ணும் போட்டு வருவது இன்னொன்று. இரண்டாவது வந்தால் கணக்கே வேறு. கையில் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தாக்கல் செய்ய வேண்டும், ஆணையம் நினைத்தால் இன்னும் 15 நாள் தரும். அந்த 45 நாளுக்கு மேல் நீட்டிக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் அமர்வே 2020-இல் சொல்லிவிட்டது. பேசி முடித்துக்கொள்ளலாம் என்று அந்த நாட்களைக் கடத்திவிட்டு, நல்ல ஆதாரம் கையில் இருந்தும் பதில் தாக்கல் செய்யும் உரிமையை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் விஷயத்தில் நோட்டீஸ் வரவில்லை. திங்கட்கிழமை “சரி, பிளம்பர் வந்துட்டுப் போனார்” என்று மட்டும் எழுதினார். கதவு மாட்டி முடித்த அன்று, ஒவ்வொரு ஓரமும் தெரிய போட்டோ எடுத்து அனுப்பி, “வேலை திருப்தியா சார்?” என்று கேட்டேன். “ஓகே, நல்லாருக்கு” என்று வந்தது. பாக்கியைப் பற்றி அதற்கு மூன்று நாள் கழித்துத்தான் தனி மெசேஜ் போட்டேன், கொட்டேஷன் நம்பரும் ஒப்படைத்த தேதியும் 24,000 என்ற தொகையும் மட்டும் எழுதி. பிளம்பருக்குக் கொடுத்ததென்று 1,500-ஐக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பினார். அதற்கும் ரசீது போட்டு, 22,500 பெற்றுக்கொண்டு கணக்கு முடிந்தது என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டோம்.