லேட்டாக வருபவருக்கு எச்சரிக்கைக் கடிதம்: "அடிக்கடி" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்

கேள்வி: எங்க ஒர்க்‌ஷாப்ல ஒருத்தர் அடிக்கடி லேட்டா வர்றார். வாயால சொல்லிப் பார்த்தாச்சு. வார்னிங் லெட்டர் எப்படி எழுதணும்?

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு சின்ன கம்பெனியில் நிர்வாகம் பார்க்கிறேன். போன வருடம் இப்படி ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தபோது முதலில் எழுதியது, "நீங்கள் அடிக்கடி தாமதமாக வருகிறீர்கள்." அது நிற்காது. நாளை விசாரணை என்று வந்தால் அடிக்கடி என்றால் எத்தனை நாள் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அதனால் வருகைப் பதிவை எடுத்தேன். ஷிப்ட் 8.30, பத்து நிமிடம் சலுகை. ஜூனில் 7 நாள் அவர் 8.40-ஐத் தாண்டியிருந்தார். அதில் ஒரு நாள் கைரேகை மெஷின் ஓடாததால் நேரத்தைக் கையால் எழுதியிருந்தார்கள், அந்த நாளை விட்டுவிட்டேன். அதே பதிவில் இன்னொருவர் 5 நாள் லேட், அவரை யாரும் எதுவும் கேட்கவே இல்லை! அவரையும் கூப்பிட்டுப் பேசிய பிறகுதான் இந்தக் கடிதத்தைத் தொட்டேன், இல்லாவிட்டால் என்னை மட்டும் குறிவைக்கிறீர்கள் என்று இவர் சொன்னால் பதில் கிடையாது.

அப்புறம் இவரிடம் காரணம் கேட்டேன். கடலூரிலிருந்து பஸ்ஸில் வருகிறார், மனைவி பிரசவத்துக்குப் போயிருப்பதால் பிள்ளையை வேன் ஏற்றிவிட்டுத்தான் கிளம்ப முடிகிறது. அதையும் கடிதத்தில் சேர்த்தேன்:

"ஜூன் 3, 5, 11, 17, 20, 26 ஆகிய 6 நாட்களில் நீங்கள் 18 முதல் 45 நிமிடம் வரை தாமதமாக வந்தீர்கள். நேர விவரம் இணைப்பில் உள்ளது. ஜூன் 12 அன்று வாய்மொழியாக எச்சரிக்கப்பட்டீர்கள். நீங்கள் சொன்ன காரணத்தைக் கருதி ஜூலை 31 வரை 9.00 மணிக்கு வந்து மாலையில் அரை மணி நேரம் கூடுதலாக வேலை செய்ய அனுமதிக்கிறோம். அதன் பிறகும் தாமதம் தொடர்ந்தால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும். உங்கள் விளக்கத்தை 3 நாட்களுக்குள் எழுத்தில் தரலாம்."

"வேலையை விட்டு நீக்குவோம்" என்று எழுதாதீர்கள், விசாரணைக்கு முன்பே முடிவு செய்துவிட்டதாக அது தெரியும். உங்களிடம் நிலையாணை, அதாவது கம்பெனியின் வேலை விதிகளைச் சொல்லும் ஆவணம், இருந்தால் அதில் பாருங்கள், மாதிரி நிலையாணைகளில் வழக்கமாகத் தாமதமாக வருவது ஒழுங்கீனப் பட்டியலிலேயே இருக்கிறது. அந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் வேலை நேரம் எழுதியிருக்கும் நியமனக் கடிதத்தைக் குறிப்பிட்டால் போதும்.

சம்பளத்தில் கவனம். இருபது நிமிட லேட்டுக்கு அரை நாள் சம்பளம் பிடிப்பது பல இடங்களில் நடக்கிறது, ஆனால் வேலைக்கு வராத நேரத்துக்கு உரிய விகிதத்துக்கு மேல் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. அப்படிப் பிடித்துவிட்டுக் கடிதமும் கொடுத்தால் தப்பு உங்கள் பக்கம் வந்துவிடும்.

கடிதம் தமிழிலேயே இருக்கட்டும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அவர் கடிதத்தை வாங்க மறுத்தால் அங்கேயே இருவரைச் சாட்சியாக வைத்து அதை எழுதிக்கொண்டு, அவர் முகவரிக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைக் கோப்பில் ஒட்டுங்கள். எங்கள் ஆள் கையெழுத்துப் போட்டார். இரண்டாம் நாள் நாலு வரியில் விளக்கமும் கொடுத்தார், அதுவும் அதே கோப்பில் இருக்கிறது.