தலை முதல் பாதம் வரை: ஸ்கில்ஸ் லேப் கேள்விகளுக்குப் பதில்கள்

முதலாண்டு நர்சிங் செய்முறைத் தேர்வு நெருங்கும்போது, நோயாளியின் உடலைப் பரிசோதிப்பது பற்றி வழக்கமாக வரும் கடிதங்கள் இம்முறையும் வந்துள்ளன. பதில்களில் வரும் எண்கள், வேறாகக் குறிப்பிடாத இடங்களில், வளர்ந்த ஆரோக்கியமான ஒருவருக்கானவை. எந்தப் பதிலைப் படித்தாலும் அதற்கு முன்னால் மூன்று செயல்கள் இருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள்: கை கழுவுதல், என்ன செய்யப்போகிறோம் என்று நோயாளியிடம் சொல்லுதல், திரையை இழுத்து விடுதல்.

தலையிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறார்கள். ஆனால் எங்கள் செக்லிஸ்ட்டில் முதலில் வைட்டல்ஸ் இருக்கிறது. எது சரி?
— முதலாண்டு மாணவி, திருநெல்வேலி

செக்லிஸ்ட் சரியாகத்தான் இருக்கிறது. பரிசோதனை நீங்கள் அறைக்குள் நுழையும்போதே தொடங்கிவிடுகிறது. நோயாளி விழிப்புடன் இருக்கிறாரா, பேச்சு தெளிவாக இருக்கிறதா, ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்கிறாரா என்பதைப் பெயரைக் கேட்கும்போதே கவனித்துவிட வேண்டும். அடுத்து வைட்டல்ஸ், உயரம், எடை. அதற்குப் பிறகே தலை.

தலை முதல் பாதம் வரை என்பதை மனப்பாடம் செய்வதோடு, நோயாளி எந்த நிலையில் இருக்கிறார் என்பதையும் வைத்து வரிசையைப் பிரித்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருக்கும்போது தலை, கண், காது, மூக்கு, வாய், கழுத்து, கைகள், முதுகுப்புறம் வைத்து நுரையீரல் ஆகியவற்றை முடித்துவிடலாம். படுத்த பிறகு மார்பின் முன்புறம், இதயம், வயிறு, கால்கள், பாதம். கடைசியாக எழுந்து நிற்கச் சொல்லி நடையும் சமநிலையும். தோலுக்குத் தனி இடம் கிடையாது. எந்தப் பகுதியைத் திறக்கிறீர்களோ அங்கேயே பார்த்துக்கொண்டு போக வேண்டும். இப்படிப் பிரிக்காதவர்கள் நோயாளியை நான்கு முறை எழுப்பி நான்கு முறை படுக்கவைக்கிறார்கள். லேபில் தோழியாக இருந்தால் சிரிப்பாள். வார்டில் அறுவை சிகிச்சை முடிந்தவர் சிரிக்க மாட்டார்.

நார்மல் பல்ஸ் எவ்வளவு?
— பெயரும் ஊரும் எழுதாத வாசகர்

யாருக்கு என்று எழுதவில்லை. ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை. பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 120 முதல் 160 வரை. பெரியவருக்கு 140 என்று கண்டால் ஓட வேண்டும். பச்சிளங்குழந்தைக்கு அதே 140 என்றால் குறித்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். வயதைச் சொல்லாமல் கேட்கும் கேள்விக்கு விவாவிலும் மதிப்பெண் கிடையாது.

மூச்சை எண்ணும்போது தோழி வேண்டுமென்றே வேகமாக மூச்சு விடுகிறாள். என்ன செய்வது?
— மாணவர், மதுரை

வேண்டுமென்று செய்யவில்லை, எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் யாருக்கும் மூச்சு மாறிவிடும். பல்ஸ் பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்காதீர்கள். பார்வையை மட்டும் மார்புக்கு மாற்றி, பயிற்சிக் காலத்தில் முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 12 முதல் 20 வரை, சீராக, ஓசையின்றி, கழுத்துத் தசைகளின் உதவி இல்லாமல் இருந்தால் இயல்பு. எண்ணாமலேயே எல்லா நோயாளிக்கும் 20 என்று எழுதுவதைப் போன்ற பழக்கத்தைப் பற்றிக் கீழே வருகிறேன்.

புத்தகத்தில் தோல் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. நம் நோயாளிகளுக்கு எப்படி எழுதுவது?
— முதலாண்டு மாணவி, விழுப்புரம்

நல்ல கேள்வி. அந்த வரி வெளுத்த தோலை மனதில் வைத்து எழுதப்பட்டது. மாநிறமும் கறுப்பும் நமக்கு இயல்பான நிறங்கள். அதை அப்படியே எழுதுங்கள். இளஞ்சிவப்பைத் தேட வேண்டிய இடங்கள் வேறு: கீழ் இமையை மெல்ல இறக்கினால் தெரியும் உட்சவ்வு, உதட்டின் உட்புறம், நாக்கு, நகத்தடி, உள்ளங்கை. சோகையும் நீலம் பாரித்தலும் கறுத்த தோலில் முதலில் தெரிவது இங்கேதான்.

மஞ்சளுக்கு விழியின் வெள்ளைப் பகுதியைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மஞ்சள் பல்பின் கீழ் பார்த்தால் தவறிவிடும். ஒரு எச்சரிக்கை: கறுத்த தோலுள்ள பலருக்கு வெள்ளை விழியின் ஓரங்களில் இயல்பாகவே லேசான மஞ்சளோ பழுப்போ இருக்கும். உண்மையான காமாலையில் மஞ்சள் கருவிழியின் விளிம்பு வரை பரவியிருக்கும். வாயைத் திறக்கச் சொன்னால் மேலண்ணத்திலும் தெரியும்.

எல்லாம் சரியாக இருந்தால் ரெக்கார்டில் ‘நார்மல்’ என்று எழுதினால் போதாதா? ஒவ்வொன்றையும் விவரித்து எழுத நேரமில்லை.
— இரண்டாமாண்டு மாணவர், சேலம்

போதாது. நேரமில்லை என்கிற சமாதானத்தை முப்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ‘நார்மல்’ என்பது நீங்கள் எடுத்த முடிவு; ரெக்கார்டில் இருக்க வேண்டியது அந்த முடிவுக்கு உங்களைக் கொண்டுவந்த காட்சி. ‘கண்மணிகள் நார்மல்’ என்று எழுதியவர் டார்ச்சை எடுத்தாரா இல்லையா என்று படிப்பவருக்குத் தெரியாது. ‘இரு கண்மணிகளும் 3 மி.மீ., வட்டம், சமம். ஒளி பட்ட கண்ணிலும் மறு கண்ணிலும் உடனே சுருங்குகின்றன’ என்று எழுதியவர் பார்த்திருக்கிறார். இரவு பணிக்கு வருபவர் அதே நோயாளிக்கு ஒரு கண்மணி 5 மி.மீ. என்று கண்டால், பகலில் 3 ஆக இருந்தது என்பதை வைத்துத்தான் மருத்துவரை எழுப்புவார். பகலில் எழுதியது ‘நார்மல்’ என்றால் அவர் எதோடு ஒப்பிடுவார்?

இந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் எலும்பு முறிவு வார்டில் மாணவியின் ரெக்கார்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். நோயாளிக்கு இடது முழங்காலுக்கு மேலிருந்து விரல் நுனி தெரியும் அளவுக்குக் கட்டு. ரெக்கார்டில் ‘இரு பாதங்களின் மேற்புற நாடியும் 2+, சமம்’ என்று, அதாவது இரண்டும் இயல்பான வலிமையோடு துடிக்கின்றன என்று, அழகான கையெழுத்து. மாணவியைப் படுக்கைக்கு அழைத்துச் சென்று, விரலை எங்கே வைத்தாய் என்று காட்டச் சொன்னேன். சிறிது நேரம் தயங்கிவிட்டு பிளாஸ்டரின் மேல் வைத்தாள். அவள் பொய் சொல்ல நினைக்கவில்லை. செக்லிஸ்ட்டில் அந்த இடத்துக்கு என்ன எழுத வேண்டும் என்று படித்திருந்ததை எழுதிவிட்டாள். பிளாஸ்டருக்குள் வீக்கம் கூடி ரத்த ஓட்டம் நின்றிருந்தால், அந்த வரி அடுத்து வந்த எல்லோரையும் நிம்மதியாக இருக்க வைத்திருக்கும்.

அந்தக் காலுக்கு எழுதியிருக்க வேண்டியது இதுதான்: ‘இடது பாத நாடி, கட்டு மறைப்பதால் தொட்டறிய முடியவில்லை. விரல்கள் வெதுவெதுப்பாக உள்ளன; நகத்தை அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் நிறம் திரும்புகிறது; விரல்களை மேலும் கீழும் அசைக்கிறார்; கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே தொட்டால் உணர்கிறார்; விரல்களை நாம் நீட்டும்போது வலி கூடவில்லை.’ அவற்றைப் பார்த்து எழுத இரண்டு நிமிடம் ஆகும். ‘பார்க்க முடியவில்லை’ என்பதும் ஒரு பதிவுதான். காரணத்தோடு எழுதினால் எந்தத் தேர்வாளரும் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார். பார்க்காததை எழுதினால் நான் முழுப் பக்கத்தையும் அடித்துவிடுவேன்.

வயிற்றில் மட்டும் வரிசை ஏன் மாறுகிறது? குடல் ஒலியை எவ்வளவு நேரம் கேட்க வேண்டும்?
— மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டது

மற்ற இடங்களில் பார்த்து, தொட்டு, தட்டி, கடைசியில் ஸ்டெதாஸ்கோப் வைக்கிறோம். வயிற்றில் பார்த்து, கேட்டு, தட்டி, கடைசியில் தொடுகிறோம். அழுத்தினாலும் தட்டினாலும் குடலின் அசைவு மாறி நாம் கேட்கும் ஒலியும் மாறக்கூடும் என்பது ஒரு காரணம். முதலிலேயே வலிக்கும் இடத்தை அழுத்திவிட்டால் நோயாளி வயிற்றை இறுக்கிக்கொள்வார், அதன் பிறகு எதுவும் தெரியாது என்பது இன்னொன்று.

லேபில் ஒரு தோழியை வைத்துச் செய்வதாகக் கொள்வோம். முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். நிறைந்த சிறுநீர்ப்பையைக் கட்டி என்று எழுதியவர்கள் உண்டு. மல்லாந்து படுத்து, முழங்கால்களை லேசாக மடக்கி, கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளட்டும். கைகளைத் தலைக்குமேல் தூக்கினால் வயிற்றுத் தசை இறுகும். மார்பையும் தொடைகளையும் மூடிவிட்டு வயிற்றை மட்டும் திறந்து, பக்கவாட்டில் கண்மட்டத்தில் குனிந்து பாருங்கள். தட்டையாகவோ லேசாக உருண்டோ, இரு பக்கமும் சமமாக, தொப்புள் நடுவில் உள்வாங்கியபடி, மூச்சோடு அசைந்துகொண்டிருப்பது இயல்பு.

பிறகு ஸ்டெதாஸ்கோப்பின் தட்டை உள்ளங்கையில் தேய்த்து வெதுவெதுப்பாக்கி, வலது கீழ்ப்பகுதியில், துணியின் மேல் அல்ல, தோலின் மேல் மெல்ல வையுங்கள். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடம் அது. ஒலி எளிதாகக் கிடைக்கும். முதல் 15 விநாடியில் நான்கு ஒலிகள் கேட்டன. அடுத்த 15 விநாடியில் ஒன்றுமில்லை. கடைசி அரை நிமிடத்தில் ஏழு. ஆக நிமிடத்துக்கு 11. இயல்பு 5 முதல் 30 வரை. இதையே 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கியிருந்தால், முதல் கால் நிமிடம் 16 என்றும் இரண்டாவது கால் நிமிடம் பூஜ்யம் என்றும் சொல்லியிருக்கும். குடல் நாடியைப் போலச் சீராகத் துடிப்பதில்லை. அதனால் பெருக்கல் இங்கே செல்லாது. ஒலியே இல்லை என்று எழுதுவதற்கு முன் முழுதாக ஐந்து நிமிடம் கேட்டிருக்க வேண்டும்.

தட்டும்போது வயிற்றின் பெரும்பகுதியில் காற்று நிறைந்த, முரசு போன்ற ஒலியும், வலது விலாவின் கீழே கல்லீரல் இருக்குமிடத்தில் மந்தமான ஒலியும் வரும். கடைசியாகத் தொடுதல்: முதல் சுற்றில் ஒரு செ.மீ. ஆழம் போதும், ஆழமான அழுத்தத்தை ஆசிரியர் அருகில் இருக்கும்போது பழகுங்கள். வலி என்று சொன்ன இடம் எப்போதும் கடைசி. பார்வை கையின் மேல் இருக்கக் கூடாது, நோயாளியின் முகத்தின் மேல் இருக்க வேண்டும். மென்மை, வலியின்மை, கட்டியின்மை ஆகியவை இயல்பு. ஒல்லியானவருக்குத் தொப்புளுக்கு மேலே நடுவில் பெருந்தமனியின் துடிப்பு தெரிந்தால் பதற வேண்டாம். துடிப்பு இருந்தது என்று எழுதுங்கள். அகன்று பக்கவாட்டிலும் தள்ளுவது போல் இருந்தால் அழுத்துவதை நிறுத்திவிட்டு உடனே சொல்லுங்கள்.

இதயத்துடிப்பு முனையைக் கையால் உணர முடியவில்லை. தோழிக்கு ஏதேனும் கோளாறா?
— மாணவி, தஞ்சாவூர்

இல்லை. இடது ஐந்தாவது விலா இடைவெளியில், காறை எலும்பின் நடுக்கோட்டுக்கு நேராகத் தேட வேண்டும். ஆரோக்கியமானவர்களில் பலருக்குப் படுத்த நிலையில் அது கைக்குத் தெரியாது. இடது பக்கம் லேசாகச் சாயச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் ‘உணர முடியவில்லை’ என்று எழுதிவிட்டு, அங்கே ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள்.

வலது பாதத்தின் மேற்புற நாடி எனக்கே கிடைக்கவில்லை!
— மாணவர், நாகர்கோவில்

பெரும்பாலும் அழுத்தம் அதிகம். விரல்களைத் தளர்த்திப் பாருங்கள். ஆரோக்கியமான சிலருக்கு அந்த நாடி பிறவியிலேயே கைக்குக் கிடைக்காது. உள்கணுக்காலின் பின்புறம் உள்ள நாடியைத் தொட்டு, பாதத்தின் வெதுவெதுப்பையும் நகத்தின் நிறம் திரும்பும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். 2+ என்று எழுதாதீர்கள்.