தவறான முகவரிக்குப் போன இன்வாய்ஸ்: மன்னிப்புக் கடிதத்தை எப்படிச் செப்பனிடுவது?

கேள்வி: ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய இன்வாய்ஸை நேற்று இன்னொரு வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டேன். அவரும் எங்களுக்குப் பணம் தர வேண்டியவர்தான். கீழுள்ளபடி மன்னிப்பு எழுதி வைத்திருக்கிறேன். திருத்தித் தர முடியுமா?

"வணக்கம். நேற்று அனுப்பிய விலைப்பட்டியலுக்காக மிகவும் வருந்துகிறேன். தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு ஆழ்ந்த மன்னிப்பைக் கோருகிறேன். தயவுசெய்து அதைப் புறக்கணிக்கவும்."

பதில்: உங்கள் கடிதத்தில் பணிவு போதுமான அளவுக்கு மேலேயே இருக்கிறது. இல்லாதது தகவல். பெறுபவருக்கு அதைப் படித்ததும் எழும் முதல் கேள்வி, "எந்த இன்வாய்ஸ்?" என்பதுதான். அவர் உங்களுக்கு ஏற்கெனவே பணம் தர வேண்டியிருப்பதால் இந்தக் கேள்வி சாதாரணமானதன்று. எண்ணைக் குறிப்பிடாமல் "அதைப் புறக்கணிக்கவும்" என்றால், தன் பெயரில் உள்ள உண்மையான இன்வாய்ஸையே அவர் ஒதுக்கி வைத்துவிடலாம். இரண்டு மாதம் கழித்து நீங்கள் நினைவூட்டும்போது, உங்கள் கடிதத்தையே உங்களிடம் எடுத்துக் காட்டுவார்.

ஆகவே இரண்டு எண்களும் வேண்டும்: விட்டுவிட வேண்டியது எது, அப்படியே நிற்பது எது.

அடுத்து, சொற்கள். "விலைப்பட்டியல்" என்பதைப் பலர் பொருள்களின் விலை விவரம் என்றே புரிந்துகொள்வார்கள். நீங்கள் அன்றாடம் சொல்லும் "இன்வாய்ஸ்" என்பதையே எழுதுங்கள். "புறக்கணிக்கவும்" என்பதில் ஒரு கடுமை இருக்கிறது. விழாவைப் புறக்கணித்தார், கூட்டத்தைப் புறக்கணித்தார் என்று எதிர்ப்பைக் காட்டவே அதை அதிகம் பயன்படுத்துகிறோம். "கணக்கில் கொள்ள வேண்டாம்" என்பது மென்மையாகவும் இருக்கிறது, கணக்கு வழக்குக்கும் பொருந்துகிறது. வருத்தத்தை ஒரு முறை சொன்னால் போதும். அதை இரண்டு வரியில் நீட்டினால், பணம் கட்ட வேண்டாம் என்ற முக்கியமான செய்தி பின்னுக்குப் போய்விடுகிறது.

எண்களும் நாளும் உதாரணத்துக்கு. நான் இப்படி எழுதுவேன்:

"பொருள்: இன்வாய்ஸ் எண் 0417 தவறுதலாக அனுப்பப்பட்டது – பணம் செலுத்த வேண்டாம்

வணக்கம்.

செவ்வாய்க்கிழமை காலை உங்களுக்கு நான் அனுப்பிய 0417 எண் இன்வாய்ஸ் உங்களுக்கு உரியதன்று. முகவரியைத் தேர்ந்தெடுத்ததில் தவறு செய்துவிட்டேன், வருந்துகிறேன்.

அதைக் கணக்கில் கொள்ள வேண்டாம். அதற்காக நீங்கள் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. அந்த மின்னஞ்சலையும் இணைப்பையும் அழித்துவிட்டு ஒரு வரி தெரிவித்தால் உதவியாக இருக்கும். உங்கள் கணக்குப் பிரிவுக்கு அனுப்பியிருந்தால், இக்கடிதத்தையும் அவர்களுக்கு அனுப்பிவையுங்கள்.

உங்கள் பெயரில் உள்ள 0409 எண் இன்வாய்ஸில் எந்த மாற்றமும் இல்லை."

கணக்குப் பிரிவு பற்றிய வரியை நீக்கிவிடாதீர்கள். இன்வாய்ஸ் வந்த உடனே அதைப் பணம் கொடுக்கும் பிரிவுக்குத் தள்ளிவிடுவது பலரின் வழக்கம். அங்கே இருப்பவருக்கு உங்கள் மன்னிப்பு போய்ச் சேராவிட்டால், அவர் பணத்தைச் செலுத்திவிடக்கூடும். பொருள் வரியிலேயே எண்ணும் "பணம் செலுத்த வேண்டாம்" என்பதும் இருப்பதற்குக் காரணமும் அதுதான்: கடிதத்தைத் திறக்காமலே விஷயம் புரிய வேண்டும்.

எழுதாமல் விட வேண்டியவையும் உண்டு. அந்த இன்வாய்ஸ் யாருக்கு உரியது என்பதைச் சொல்லாதீர்கள். இணைப்பைத் திறக்காதவருக்கு அந்தப் பெயரை நீங்களே தெரிவித்ததாகிவிடும். பழைய மின்னஞ்சலை "ஃபார்வர்டு" செய்து அதன் மேல் மன்னிப்பு எழுதாதீர்கள். இணைப்பு இரண்டாம் முறையும் போய்விடும். வங்கிக் கணக்கு விவரம், சொடுக்க வேண்டிய சுட்டி எதுவும் இருக்கக் கூடாது. "முன்பு வந்த இன்வாய்ஸை விட்டுவிடுங்கள், புதிய கணக்கில் செலுத்துங்கள்" என்பது மோசடிக்காரர்களின் பழகிய உத்தி. அந்தச் சாயல் சிறிதும் படாமல் இருந்தால்தான் உங்கள் கடிதத்தை நம்புவார்கள். அதனால், சரியான முகவரிக்குச் செய்யும் அனுப்புதலையும் இதோடு கலக்காமல் தனியாகச் செய்யுங்கள்.

அதற்கு முன் இன்வாய்ஸைத் திறந்து பாருங்கள். உள்ளே உரிய வாடிக்கையாளரின் பெயரே இருந்தால், அதே எண்ணில் அவருக்கு அனுப்பலாம். தவறானவரின் பெயரிலேயே தயாராகியிருந்தால் இது வெறும் முகவரிப் பிழையன்று. அந்த இன்வாய்ஸை உங்கள் கணக்கில் முறைப்படி ரத்து செய்து, புதிய எண்ணில் வேறொன்று தயாரிக்க வேண்டும். அப்போது கடிதத்திலும் "0417 ரத்து செய்யப்பட்டது" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.